சிறுநீரகத்தில் தற்செயலாகத் தெரிந்த கட்டி: நீரா, சதையா?

குடியாத்தத்திலிருந்து ஒரு கைலி நெசவாளர் வந்திருந்தார். வயது 58. சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது, விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று ஊரில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பித்தப்பையில் கல் இருக்குமோ என்பதுதான் சந்தேகம். கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் யாரும் எதிர்பார்க்காத இரண்டு வரிகள் இருந்தன. வலது சிறுநீரகத்தில் 6.1 செ.மீ. அளவில் ஒரு சிஸ்ட். இடது சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் 2.4 செ.மீ. அளவில் ஏதோ ஒன்று, மேற்கொண்டு பார்க்கவும்.

கூட வந்த மகள் முதல் வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். "நைனாவுக்கு இவ்ளோ பெரிய கட்டி கீதே சார். இத்த எப்ப எடுக்கணும்?" இரண்டாவது வரியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. சின்னதுதானே என்று விட்டுவிட்டார்.

வேலூரில் ஸ்கேன் பார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு இது பழகிய காட்சி. சென்டிமீட்டரைப் பார்த்துத்தான் மனிதர்கள் பயப்படுகிறார்கள். எங்களுக்கோ அளவு இரண்டாவது கேள்விதான். உள்ளே இருப்பது வெறும் நீரா, ரத்தம் ஓடி வளரும் சதையா என்பதே முதல் கேள்வி. சிறுநீரகக் கட்டிக்கு நாங்கள் எடுக்கும் ஸ்கேன்களில் பெரும்பாலானவை இந்த ஒரே கேள்விக்கு விடை தேடுபவைதான். அந்த விடை எப்படிக் கிடைக்கிறது என்பதை இந்தப் பெரியவரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வலது பக்கத்துப் பெரிய கட்டி. அல்ட்ராசவுண்டு கருவி ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. சதையில் ஆயிரம் சிறு தடுப்புகள் உண்டு. அதனால் எல்லாத் திசையிலிருந்தும் எதிரொலி வரும், படம் சாம்பல் நிறமாகத் தெரியும். தெளிந்த நீரில் தடுப்பே இல்லை. எதிரொலி வராது, படம் கறுப்பாக இருக்கும். அதனால் நீர்க்கட்டி என்றால் உள்ளே முழுக் கறுப்பு, வட்டமான உருவம், கோடு இழுத்தது போல மெல்லிய வழவழப்பான சுவர்.

இது மட்டும் போதாது. இன்னொரு அடையாளம் உண்டு, எனக்கு அதன்மேல்தான் அதிக நம்பிக்கை. நீர்க்கட்டிக்குப் பின்னால் இருக்கும் பகுதி மற்ற இடங்களைவிட வெளிச்சமாகத் தெரியும். காரணம் இதுதான்: சதை வழியாகப் போகப் போக ஒலி தேய்ந்துகொண்டே போகும். அதை ஈடுகட்ட, ஆழத்திலிருந்து வரும் எதிரொலியைக் கருவி தானே கூட்டிக் காட்டும். ஆனால் நீர் வழியாகப் போன ஒலி அவ்வளவாகத் தேய்வதில்லை. கருவிக்கு அது தெரியாது, வழக்கம்போலக் கூட்டிவிடும். அதனால் நீர்க்கட்டியின் பின்புறம் மட்டும் பளிச்சென்று தெரியும். உள்ளே கறுப்பாக இருந்தும் பின்னால் இந்த வெளிச்சம் இல்லை என்றால் நான் அதை நீர்க்கட்டி என்று எழுதமாட்டேன். ஒரே சீரான செல்களால் ஆன சில திடக் கட்டிகளும் கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியக்கூடும்.

கலர் டாப்ளரையும் ஒருமுறை வைத்துப் பார்ப்பேன். சிறுநீரக ரத்தக் குழாய் ஓரிடத்தில் பலூன் போல வீங்கியிருந்தால் அதுவும் கறுப்பாக, வட்டமாக, நீர்க்கட்டி மாதிரியே தெரியும். டாப்ளர் போட்டால் உள்ளே ரத்தம் சுழல்வது தெரிந்துவிடும். நீர்க்கட்டி என்று நினைத்து அதில் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நெசவாளரின் வலது பக்கக் கட்டியில் எல்லா அடையாளமும் சரியாக இருந்தன. முழுக் கறுப்பு, மெல்லிய சுவர், பின்னால் வெளிச்சம், டாப்ளரில் எதுவும் இல்லை. இப்படி எல்லாம் பொருந்தினால் அது சாதாரண நீர்க்கட்டி. அதற்கு சி.டி. வேண்டாம், மருந்து வேண்டாம், அது புற்றாக மாறிவிடுமோ என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவும் வேண்டாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி ஒன்றாவது இருக்கும். தலை நரைப்பது போல வயதோடு வருவது. ஊசி வைத்து நீரை உறிஞ்சி எடுத்தாலும் சுவர் அங்கேயே இருப்பதால் பெரும்பாலும் மறுபடி நிரம்பிவிடும். வலி கொடுத்தாலோ, சிறுநீர்ப் பாதையை அழுத்தினாலோ, சீழ் பிடித்தாலோதான் அதற்கு வைத்தியம்.

இனி இடது பக்கம். 2.4 செ.மீ. உருண்டை, சிறுநீரகத்தின் சதை நிறத்திலேயே சாம்பலாக இருந்தது. பின்னால் வெளிச்சம் இல்லை. டாப்ளரில் ஓரத்தில் சிறிது ரத்த ஓட்டம் தெரிவது போல இருந்தது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அல்ட்ராசவுண்டின் எல்லை இதுதான். 'இது வெறும் நீர்' என்று அதனால் அடித்துச் சொல்ல முடியும். 'இது நீர் இல்லை' என்ற இடத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் சொல்ல அதனிடம் அதிகம் இல்லை. நீரில் பழைய ரத்தம் கலந்திருந்தாலும் சாம்பலாகத் தெரியும், சீழ் இருந்தாலும் தெரியும், புற்றும் அப்படித்தான் தெரியும். இடது பக்கம் மண்ணீரல் அழுத்துவதால் சிலருக்குச் சிறுநீரகத்தின் நடுப்பகுதி ஒட்டகத் திமில் போலப் புடைத்திருக்கும். அது கட்டியே அல்ல, நல்ல சதை. அதுவும் பார்வைக்குக் கட்டி போலவே இருக்கும்.

இவருக்குக் காய்ச்சல் இல்லை, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இல்லை, சர்க்கரை இல்லை. அதனால் சீழ்க்கட்டியாக இருக்க வாய்ப்புக் குறைவு. முப்பது வருடமாகப் பீடி பிடிக்கிறார், ரத்தக் கொதிப்பு இருக்கிறது. இரண்டுமே சிறுநீரகப் புற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுபவை. "ஒண்ணுக்குல ரத்தமே போகலியே சார், அப்போ கேன்சரா இருக்காதுல்ல?" என்றார் மகள். அப்படிச் சொல்ல முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் இன்றைக்குக் கண்டுபிடிக்கப்படும் சிறுநீரகப் புற்றுகளில் பாதிக்கு மேல் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தென்படுபவை. சிறுநீரில் ரத்தம், இடுப்பில் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி என்ற மூன்றும் சேர்ந்து வருவது இப்போது அரிது. ரத்தப் பரிசோதனையில் இதைக் காட்டிக்கொடுக்கும் தனி மார்க்கரும் கிடையாது.

அடுத்தது கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் சி.டி. இதைப் புரிந்துகொள்ள வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வாய்க்கால் போகும் பாத்திகள் நனையும். வாய்க்கால் இல்லாத பாத்தி காய்ந்தே கிடக்கும். கையில் போடும் அயோடின் மருந்து ரத்தத்தோடு கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. ரத்தக் குழாய் உள்ள சதை அதை வாங்கிக்கொண்டு சி.டி.யில் வெளிச்சமாகும். நீர்க்கட்டிக்குள் ரத்தக் குழாய் இல்லை, அதனால் மருந்து உள்ளே போகாது. புற்று வளர வேண்டுமானால் அதற்கு ரத்தம் வேண்டும், வாய்க்கால் இல்லாமல் அது வளராது.

சி.டி. இதை எண்ணாகவே அளந்து சொல்லும். கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவு அது. 1979-இல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த அளவில் நீர் பூஜ்யம், காற்று மைனஸ் 1000. கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 100-ஐ ஒட்டி வரும். சிறுநீரகச் சதை ஊசிக்கு முன் 30, 40 அளவில் இருக்கும். கட்டியின் நடுவில் ஒரு சிறு வட்டம் போட்டால் உள்ளே எத்தனை என்று திரையில் வரும். ஊசிக்கு முன் ஒருமுறை, ஊசி போட்டு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்து ஒருமுறை அளக்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் 20 அல்லது அதற்கு மேல் என்றால் உள்ளே ரத்தம் ஓடுகிறது, சதைதான். 10-க்குக் கீழ் என்றால் ஓடவில்லை. இடையில் வந்தால் சந்தேகம், அதற்கு எம்.ஆர்.ஐ. உதவும். மெதுவாக ரத்தம் வாங்கும் ஒரு வகைப் புற்று இந்த இடைவெளியில்தான் ஒளிந்துகொள்ளும்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து, ஒவ்வாமை ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு நெசவாளருக்கு சி.டி. எடுத்தோம். வலது பக்கத்துப் பெரிய கட்டி ஊசிக்கு முன் 6, பின் 9. அந்த 3 வித்தியாசம் கருவியின் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிடும், அது நீர்தான். இடது பக்கத்துச் சின்னது முன் 36, பின் 118. வித்தியாசம் 82. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது. புடைத்த நல்ல சதையாக இருந்தால் பக்கத்துச் சிறுநீரகம் எப்படி ஏறுகிறதோ அப்படியே ஏறியிருக்கும். இது வேறு மாதிரி ஏறி, வேறு மாதிரி இறங்கியது. கட்டிதான், திடக் கட்டி.

இந்த இடத்தில் ஒரு தவறைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை, அடிக்கடி பார்க்கிறேன். ஆற்காட்டிலிருந்து ஒரு ஆசிரியை, 'சிறுநீரகப் புற்று' என்று எழுதிய சி.டி. ரிப்போர்ட்டோடு வந்தார். வேறோர் இடத்தில் எடுத்தது. அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்கும் நிலைக்குப் போயிருந்தார்கள். 3 செ.மீ. கட்டி, சி.டி. எண் 74. நீர் என்றால் 20-க்குள் இருக்க வேண்டும், எனவே இது சதை என்று முடிவு செய்துவிட்டார்கள். படங்களைப் புரட்டிப் பார்த்தால் ஊசிக்குப் பிறகு எடுத்தது மட்டும்தான் இருந்தது. ஊசிக்கு முன் எடுக்கவே இல்லை. தண்ணீர் திறந்த பிறகு வயலுக்குப் போய்ப் பாத்தி ஈரமாக இருக்கிறது என்று சொன்னால், அது வாய்க்கால் ஈரமா, நேற்றைய மழையின் ஈரமா என்று எப்படித் தெரியும்? மருந்து உடம்பை விட்டுப் போக சில நாள் விட்டு, ஊசி இல்லாமல் ஒரு சி.டி. எடுத்தோம். 75. ஊசி போட்டும் போடாமலும் அதே எண். எப்போதோ உள்ளே கசிந்த ரத்தம் கெட்டியாகி நின்ற நீர்க்கட்டி அது. உள்ளே ஒரே சீராக, ஊசி இல்லாமலே 70-க்கு மேல் இருந்தால் அது கெடுதல் இல்லாததுதான். அவருக்குக் கத்தி படவில்லை.

அதனால் சிறுநீரகக் கட்டிக்கு சி.டி. என்று சீட்டு எழுதித் தந்தால், ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டும் எடுப்பார்களா என்று கேளுங்கள். இதைக் கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு. இதற்கு நேரெதிரான தவறும் நடக்கும். ஒரு செ.மீ.-க்கும் சிறிய நீர்க்கட்டியைச் சுற்றியுள்ள சிறுநீரகம் மருந்தில் ஜொலிக்கும்போது, அந்த வெளிச்சத்தின் கணக்குக் கட்டிக்குள்ளும் சிந்தி, எண் பொய்யாக ஏறும். அவ்வளவு சிறிதென்றால் எண்ணை நம்பிப் பயப்பட வேண்டாம், எம்.ஆர்.ஐ. அல்லது சிறிது காலம் கழித்து மறு ஸ்கேன் போதும்.

நீருக்கும் சதைக்கும் நடுவே இன்னொரு கூட்டம் உண்டு. நீர்க்கட்டிதான், ஆனால் உள்ளே தடுப்புச் சுவர்கள், சுண்ணாம்புப் படிவு, தடித்த ஓரம் என்று இருக்கும். நியூயார்க்கைச் சேர்ந்த ரேடியாலஜிஸ்ட் மார்ட்டன் பாஸ்னியாக் 1986-இல் இவற்றை வகை பிரித்தார். 2019-இல் அது திருத்தப்பட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் பாஸ்னியாக் என்று எழுதி ரோமன் எண் போட்டிருப்பது இதுதான். ஒன்றும் இரண்டும் கெடுதல் இல்லாதவை. ஆசிரியையின் கட்டி இரண்டாவது வகை. இரண்டோடு எஃப் என்ற எழுத்து சேர்ந்திருந்தால் கண்காணிக்க வேண்டியது என்று பொருள். முதலில் ஆறு மாதத்தில், பிறகு ஒரு வருடத்தில், அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறை என்று ஐந்து ஆண்டு பார்ப்பது வழக்கம். மூன்றாவது வகையில் சுவர் தடித்தோ கரடுமுரடாகவோ இருந்து, அந்தச் சுவர் மருந்தை வாங்கும். இதில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும். நான்காவது வகையில் சுவரிலிருந்து சதை முளைத்து நிற்கும், அது மருந்தை வாங்கும். பத்தில் ஒன்பது புற்று. இங்கேயும் கேள்வி மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். தடுப்புச் சுவர் இருப்பதே குற்றம் அல்ல, அதில் எவ்வளவு சதை, அதில் ரத்தம் ஓடுகிறதா என்பதுதான் கணக்கு.

நெசவாளரின் கட்டிக்கு வருவோம். ரத்தம் ஓடும் திடக் கட்டி என்று தெரிந்ததும் புற்று என்று முடிவுகட்டிவிட முடியுமா? முடியாது. முதலில் கொழுப்பைத் தேடுவோம். ஆஞ்சியோமயோலிப்போமா என்று ஒரு கட்டி உண்டு. ரத்தக் குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்தது, பெரும்பாலும் கெடுதல் இல்லாதது. அல்ட்ராசவுண்டில் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். வெள்ளையாகத் தெரிந்தாலே கொழுப்புக் கட்டி என்று சமாதானம் சொல்லி அனுப்புவதும் உண்டு. அது சரியல்ல. சிறிய புற்றுகளில் சிலவும் அப்படி வெள்ளையாகத் தெரியும். ஊசி இல்லாத சி.டி.யில் கட்டிக்குள் ஓரிடத்திலாவது கொழுப்புக்குரிய மைனஸ் எண் வந்தால்தான் நம்பலாம். இவருடைய கட்டியில் எங்கே வட்டம் போட்டாலும் மைனஸ் வரவில்லை.

அப்படியும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. ஆன்கோசைட்டோமா என்ற கட்டி பரவாது, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் புற்றைப் போலவே ரத்தம் வாங்கும். ஸ்கேனில் இரண்டையும் நம்பகமாகப் பிரிக்க முடியாது. புற்று என்று நினைத்து எடுத்த, 4 செ.மீ.-க்குட்பட்ட திடக் கட்டிகளில் ஐந்தில் ஒன்று பிறகு கெடுதல் இல்லாதது என்று தெரியவருகிறது. அதனால்தான் பயாப்சி பற்றிப் பேச்சு வருகிறது. சி.டி. அல்லது அல்ட்ராசவுண்டு பார்த்தபடியே முதுகுப் பக்கமிருந்து ஊசி விட்டு, மெல்லிய நூல் போலச் சதையை எடுப்பார்கள்.

"ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்னு சொல்றாங்களே?" என்றார் மகள். இந்தப் பயம் வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. உறைக்குள் ஊசி வைத்து எடுக்கும் இப்போதைய முறையில், ஊசிப் பாதையில் புற்று பரவுவது மிக மிக அரிது. பயாப்சியின் உண்மையான குறை வேறு. பத்தில் ஒரு தடவையோ சற்றுக் கூடுதலாகவோ விடை தெளிவாக வராது. 'புற்றுச் செல் தெரியவில்லை' என்று வந்தால், கட்டியில் புற்று இல்லையா அல்லது ஊசி சரியான இடத்தில் படவில்லையா என்ற கேள்வி பாக்கி நிற்கும். உள்ளே நீர் அதிகமுள்ள கட்டியில் ஊசிக்குச் சதையே சரியாக அகப்படாது, அதனால் அவற்றுக்குப் பெரும்பாலும் பயாப்சி செய்வதில்லை. பயாப்சி விடை வைத்தியத்தை மாற்றும் என்றால் செய்வதில் அர்த்தம் உண்டு. எண்பது வயதுக்காரர், இதயம் பலவீனம், அறுவை தாங்குவாரா என்று தயங்கும்போது அது மிகவும் உதவும். அப்படிப்பட்டவர்களுக்கு எடுக்காமல் கண்காணிப்பதும் ஒரு முறையான வழிதான். சிறிய கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 3 மி.மீ. அளவுதான் வளர்கின்றன.

நெசவாளருக்கு உடல் நன்றாக இருந்தது. கட்டி ஓரமாக, வெளியே துருத்திக்கொண்டு இருந்தது. யூராலஜி டாக்டர் இரண்டு வழியையும் சொன்னார். பயாப்சி எடுக்காமல் நேரே அறுவைக்குப் போகலாம் என்று குடும்பம் முடிவு செய்தது. சிறுநீரகம் முழுவதையும் எடுக்கவில்லை. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் வெட்டி எடுத்து, மீதியைத் தைத்துவிட்டார்கள். 4 செ.மீ.-க்குள் இருக்கும்போது பெரும்பாலும் இப்படிச் செய்ய முடிகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இன்னும் இருபது வருடம் ஓட வேண்டிய சிறுநீரகம் அது. முழுதாக எடுத்திருந்தால் மிச்சமுள்ள ஒன்றின் மீது எல்லாப் பாரமும் விழுந்திருக்கும்.

பத்தாலஜி ரிப்போர்ட்டில் கிளியர் செல் வகைப் புற்று, ஓரங்கள் சுத்தம் என்று வந்தது. அந்த நிலையில் கீமோவும் கதிர்வீச்சும் வேண்டியதில்லை. குறித்த இடைவெளியில் ஸ்கேன் மட்டும்.

ஒரு வருடம் கழித்து வந்தார்கள். இடது பக்கம் தையல் தழும்பைத் தவிர எதுவும் இல்லை. வலது பக்கத்து நீர்க்கட்டி 6.1-லிருந்து 6.4 செ.மீ. ஆகியிருந்தது. மகள் அந்த எண்ணைப் பார்த்து என்னை நிமிர்ந்து பார்த்தார். நீர்க்கட்டி வயதோடு மெல்லப் பெரிதாகத்தான் செய்யும், பெரிதாவது புற்றின் அடையாளம் அல்ல என்றேன். உள்ளே இன்னும் முழுக் கறுப்புதான், சுவர் மெல்லிசாகத்தான் இருக்கிறது என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். "பின்னாடி வெளிச்சமும் கீது சார்" என்றார் அவரே.